டாலர் வந்தாச்சு, காகிதம் எங்கே? ஃப்ரீலான்ஸ் வருமானம் வங்கிக்கு வரும் வழியில் சிக்கும் இடங்கள்

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், அலைச்சலும் செலவும் வைப்பது கடைசியில் வரும். எந்த இடத்தில் ஆடிட்டரையோ வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவையோ பிடிக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

எந்தக் கோளாறானாலும் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: பணம் எந்த வழியில் வந்தது? வழி இரண்டுதான். ஒன்று, அப்வொர்க், ஃபைவர் போன்ற வேலைத் தளமோ அதன் பணப் பட்டுவாடா நிறுவனமோ டாலரை இந்தியாவில் உள்ள ஒரு வங்கியில் ரூபாயாக மாற்றி, அங்கிருந்து நெஃப்ட்டில் உங்கள் கணக்குக்கு அனுப்புவது. மற்றது ஸ்விஃப்ட் வயர். அதில் டாலர் டாலராகவே உங்கள் வங்கிக்கு வந்து, அங்கே ரூபாயாகும். பாஸ்புக் வரியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்:

```
NEFT-ABCDN12345678901-PAYMENTS PVT LTD     45,690.00
INW REM USD 479.20 @ 87.20                 41,786.24
```

மேல் வரி உள்ளூர் வழி. அதிலுள்ள பதினாறு எழுத்து எண்ணின் முதல் நான்கு எழுத்து அனுப்பிய வங்கியின் குறியீடு. கீழ் வரி வயர். ஒவ்வொரு வங்கியிலும் எழுத்து கொஞ்சம் மாறும். ஆனால் டாலர் தொகையும் மாற்று விலையும் வரியிலேயே இருந்தால் அது வயர், இல்லாவிட்டால் உள்ளூர். கீழே பாதிக் கோளாறுகளுக்கு விடை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

## அறிகுறி: ப்ரொஃபைலில் அடையாளச் சரிபார்ப்பு தோற்கிறது, அல்லது வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போது பெயர் பொருந்தவில்லை என்கிறது

நம் பக்கம் இது நிறையப் பேருக்கு வரும், காரணம் இனிஷியல். தளத்தின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டம் இருக்கும், இரண்டையும் நிரப்பியாக வேண்டும். நமக்கோ கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. ஒரே ஆள் நான்கு இடத்தில் நான்கு விதமாக நிற்பது இப்படித்தான்:

```
Aadhaar     Karthikeyan S
PAN         KARTHIKEYAN SENNIAPPAN
Bank        S KARTHIKEYAN
Profile     Karthi Keyan
```

பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கு இனிஷியலை ஏற்கமாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால்தான் சென்னியப்பன் அங்கே முழுசாக வந்து உட்காருகிறார். வங்கியில் கணக்குத் தொடங்கியவர் கல்லூரிச் சான்றிதழைப் பார்த்து இனிஷியலை முன்னால் போட்டிருப்பார். ப்ரொஃபைலில் கட்டம் நிரம்ப வேண்டுமே என்று பெயரையே இரண்டாக வெட்டியிருப்பீர்கள்.

காசில்லாத சரிபார்ப்பு. ப்ரொஃபைல் பெயரைப் பான் கார்டில் இருப்பதுபோல் மாற்றுங்கள்: முதல் பெயர் Karthikeyan, கடைசிப் பெயர் Senniappan. அப்வொர்க் போன்ற தளத்தில் வெளியாட்கள் பார்க்கும்போது கடைசிப் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் தெரியும். Karthikeyan S. என்று நம்மூர் முறையிலேயே வந்து நிற்கும், அப்பா பெயர் ஊருக்கெல்லாம் தெரிகிறதே என்ற கூச்சம் வேண்டாம். அடையாளச் சரிபார்ப்பு முடிந்த பிறகு பெயரை மாற்ற விடமாட்டார்கள், அல்லது மறுபடி ஆவணம் கேட்பார்கள். ஆகவே இதைச் சரிபார்ப்புக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அடுத்தது ஆவணப் படம். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே லேமினேட் செய்த கார்டைப் படமெடுத்தால் வெளிச்சம் பட்டு எண் வெளுத்துவிடும். பகலில் ஜன்னல் ஓரம், கார்டின் நான்கு மூலையும் தெரியும்படி எடுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொடுங்கள். வெளிநாட்டுச் சரிபார்ப்பு மென்பொருளுக்குப் பழக்கமான ஆவணம் அதுதான்.

முகவரி. ஆதாரில் Gobichettipalayam, ப்ரொஃபைலில் Gobi, வங்கியில் Gobi (TK) என்று இருந்தாலும் மறுப்பார்கள். ஆதாரில் உள்ள எழுத்தை அப்படியே எழுதுங்கள், சுருக்காதீர்கள்.

கொஞ்சம் செலவு, கொஞ்சம் காத்திருப்பு. மேலே சொன்னது போதவில்லை என்றால் வங்கிக் கணக்கின் பெயரைப் பானுக்கு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள். கிளையில் கேஒய்சி திருத்தப் படிவம், பான், ஆதார் நகல் போதும். ஆதாரும் பானுமே வேறுபட்டால் முதலில் எதைத் திருத்துவது என்று குழம்புவார்கள். எது நீங்கள் இனிமேலும் வைத்துக்கொள்ளப் போகிற பெயரோ, அதன்படி ஆதாரை முதலில், பானை அடுத்து, வங்கியைக் கடைசியில். தலைகீழாகப் போனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கணினியில் இரண்டு கணக்குத் திறந்தால் தளம் இருவரையும் ஒரே ஆளாக நினைத்து முடக்கக்கூடும். ஆளுக்கொரு பிரவுசர் ப்ரொஃபைல், ஆளுக்கொரு அடையாள ஆவணம், ஆளுக்கொரு வங்கிக் கணக்கு என்று வையுங்கள். வேலை வருகிற பழைய கணக்கை விலைக்கோ வாடகைக்கோ தருகிறேன் என்பவர் பக்கம் போகவே வேண்டாம். பணம் அடுத்தவர் பெயரில் ஏறும், காகிதம் எதுவும் உங்கள் பெயரில் வராது.

## அறிகுறி: வரிப் படிவம் முடிக்காததால் பணம் எடுக்க முடியவில்லை என்கிறது

அமெரிக்கத் தளம் என்றால் கேட்பது `W-8BEN`. நீங்கள் அமெரிக்கர் அல்ல, வேலையை அமெரிக்காவுக்கு வெளியே இருந்து செய்கிறீர்கள் என்பதற்கான உறுதிமொழி அது. வரி கட்டும் படிவம் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை. பெயர் பானில் உள்ளபடி, முகவரி வீட்டு முகவரி. வெளிநாட்டு வரி எண் என்று கேட்கும் இடத்தில் பான் எண். ஆதார் எண்ணைப் போடுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. கையெழுத்துக் கட்டத்தில் படிவத்தின் மேலே எழுதிய பெயரை எழுத்து மாறாமல் அடியுங்கள்.

கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை அது செல்லும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒரு ஜனவரியில் திடீரென நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

## அறிகுறி: பணம் எடுக்கக் கொடுத்தாயிற்று, கணக்கில் ஏறவில்லை

முதலில் தளத்தில் என்ன நிலை காட்டுகிறது என்று பாருங்கள்.

### தளத்தில் இன்னும் நிலுவை என்றே இருக்கிறது

இது கோளாறே இல்லை. அப்வொர்க்கில் மொத்தத் தொகை வேலைக்கு, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட பின் 5 நாள் நிறுத்தி வைப்பார்கள். மணிக்கணக்கு வேலைக்கு, வாரம் முடிந்து 10 நாள். ஃபைவரில் சாதாரணமாக 14 நாள். புதிதாக வங்கிக் கணக்கைச் சேர்த்திருந்தால் அது செயல்பட அப்வொர்க்கில் 3 நாள் கூடுதல். இவை முடியும் வரை யாருக்கும் மெயில் அனுப்ப வேண்டாம்.

### தளத்தில் தோல்வி என்று வந்து பணம் திரும்பிவிட்டது

கணக்கு எண்ணை ஒருமுறை, ஐஎஃப்எஸ்சி குறியீட்டை இரண்டு முறை பாருங்கள். ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம், ஓ எழுத்து இல்லை. பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் இன்னொரு வம்பு. 2019, 2020 வங்கி இணைப்புகளில் ஆந்திரா, கார்ப்பரேஷன், சிண்டிகேட், அலகாபாத், விஜயா என்று பல பெயர்கள் போய், குறியீடும் மாறிவிட்டது. நம் பகுதியில் இதில் அதிகம் சிக்குபவர்கள் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த லட்சுமி விலாஸ் வங்கியின் பழைய வாடிக்கையாளர்கள். அது 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது, LAVB என்று தொடங்கும் குறியீடு இப்போது செல்லாது. கரூர் வைஸ்யா வேறு வங்கி, அது அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்து, கணக்கின் வகை. முழுக் கேஒய்சி இல்லாமல் திறந்த சிறு கணக்கில் வெளிநாட்டுப் பணத்தை ஏற்றமாட்டார்கள், அதற்கு ஆண்டு வரவு உச்சவரம்பு 1 லட்சம் ரூபாயும் உண்டு. கிளைக்குப் போய் ஆதார், பான் கொடுத்து முழுக் கணக்காக மாற்றுவது அரை நாள் வேலை.

அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் முதல் பெயர் அப்பாவுடையது என்றால் தளம் பெயரை ஒப்பிடும்போது தோற்கும். தோற்காமல் ஏறினாலும் வருமான வரியில் யாருடைய வருமானம் என்ற கேள்வி எழும். ஜீரோ பேலன்ஸாகவே இருக்கட்டும், தனிக் கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள். தோட்டத்துப் பால் பணமும் மஞ்சள் பணமும் அதில் கலக்க வேண்டாம்.

### தளத்தில் அனுப்பியாயிற்று என்று காட்டுகிறது, வங்கியில் இல்லை

உள்ளூர் வழி என்றால் நெஃப்ட் எண்ணைத் தளத்திலிருந்து வாங்கி உங்கள் கிளையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். வயர் என்றால் கதை நீளும்.

ஊரில் உள்ள சின்னக் கிளைக்கு ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. அந்தக் கிளைக்காக வெளிநாட்டுப் பணத்தைக் கையாளும் பெரிய கிளையோ மையப் பிரிவோ கோவையிலோ திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கும். இணையத்தில் தேடிக் கிடைத்த குறியீட்டைப் போடாதீர்கள். "எங்கள் கிளைக்கு டாலர் வயர் வர எந்த ஸ்விஃப்ட் குறியீடு, இடைநிலை வங்கி எது" என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூட்டுறவு வங்கிக் கணக்கு என்றால் பெரும்பாலும் வயர் வராது. அந்நியச் செலாவணி உரிமம் உள்ள வங்கியில் ஒரு கணக்கு வேண்டும்.

குறியீடு சரியாக இருந்தும் காணோம் என்றால், பணம் பெரும்பாலும் அந்த மையப் பிரிவில் உட்கார்ந்திருக்கும், உங்கள் பதிலுக்காக. "வெளிநாட்டிலிருந்து பணம் வந்துள்ளது, நோக்கத்தைத் தெரிவிக்கவும்" என்று ஒரு மெயில் வந்திருக்கும். அது கணக்குத் தொடங்கியபோது கொடுத்த, இப்போது திறப்பதே இல்லாத மெயிலுக்குப் போயிருக்கும். பழைய மெயிலையும், விளம்பரம் என்று தள்ளிய குறுஞ்செய்திகளையும் தேடுங்கள்.

அதிலும் இல்லையென்றால் அனுப்பிய தரப்பிடம் MT103 எனும் வயர் விவரத் தாளின் நகல் கேளுங்கள். அதில் UETR என்ற 36 எழுத்து எண் இருக்கும். அதை வைத்து எந்த வங்கியில் பணம் நிற்கிறது என்பதை உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு தேட முடியும். அந்த எண் இல்லாமல் "எனக்குப் பணம் வரலைங்க" என்று மட்டும் சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எப்போது மேலே போவது: ஐந்து வேலை நாள் ஆகியும் வங்கியில் பதில் இல்லை என்றால் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால், அல்லது கொடுத்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் தளத்தில் `cms.rbi.org.in` இலவசமாகப் பதியலாம். வங்கியிடம் முதலில் எழுத்தில் கொடுக்காமல் நேரே அங்கே போனால் திருப்பிவிடுவார்கள்.

## அறிகுறி: பணம் வந்தது, ஆனால் குறைச்சலாக

600 டாலர் வேலை ஒன்றைக் கடைசி ரூபாய் வரை பார்த்துவிடலாம். தளத்தின் கட்டணம் 10 சதவீதம், சந்தையில் ஒரு டாலர் 88 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கட்டணம் மாறும். ஃபைவரில் அது 20 சதவீதம்.

600இல் 60 டாலர் தளத்துக்கு. ஜிஎஸ்டி எண் கொடுக்காதவர் என்றால் அந்த 60க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 10.80 டாலர். கவனியுங்கள், இது உங்கள் வருமானத்துக்கான வரி இல்லை, தளம் உங்களுக்குச் செய்த சேவைக்கான வரி. மீதி 529.20. உள்ளூர் வழியில் எடுக்க அப்வொர்க்கில் 0.99 டாலர். மீதி 528.21. சந்தையில் 88 என்றாலும் உங்களுக்குக் கிடைப்பது 86.50 என்று வைத்தால், கணக்கில் ஏறுவது 45,690 ரூபாய். 88இலேயே மாற்றியிருந்தால் 46,482. இடையில் உள்ள 792 ரூபாய் எந்த ரசீதிலும் கட்டணம் என்று எழுதப்படாது, மாற்று விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். "கட்டணம் வெறும் ஒரு டாலர்தானே" என்று நினைப்பவர் இதைத்தான் தவறவிடுகிறார்.

அதே 529.20ஐ வயரில் எடுத்தால்? அனுப்பும் கட்டணம் 30 டாலர், நடுவில் ஒரு இடைநிலை வங்கி 20 டாலர் பிடித்தது என்று வையுங்கள். 479.20 டாலர் வரும். வங்கி 87.20 கொடுத்தால் 41,786 ரூபாய். அதில் டாலரை மாற்றியதற்கு ஜிஎஸ்டி உண்டு: 1 லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து, அதற்கு 18 சதவீதம். இங்கே 75 ரூபாய். எவ்வளவு சின்னத் தொகையானாலும் 45 ரூபாய் குறையாது. பாஸ்புக்கில் தனி வரியாக வரும் இந்தத் தொகையைப் பார்த்து வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்படியானால் வயர் எப்போதுமே நஷ்டமா? இல்லை. இந்தக் கணக்கின்படி வயரில் டாலருக்கு 70 பைசா கூடக் கிடைக்கிறது, ஆனால் ஒருமுறைக்கு 50 டாலர், அதாவது 4,400 ரூபாய் போகிறது. 4,400ஐ 0.70ஆல் வகுத்தால் சுமார் 6,300 டாலர். அதற்கு மேல் சேர்த்து எடுத்தால்தான் வயர் கட்டும். உங்கள் தளத்தின் கட்டணத்தையும் உங்கள் வங்கியின் விலையையும் போட்டு இந்த வகுத்தலை ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கேட்க வேண்டியது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் எனப்படும் TT வாங்கும் விலை. பேப்பரில் வரும் விலையைச் சொல்லிப் பேரம் பேசினால் எடுபடாது. மாதம் தவறாமல் பெரிய தொகை வந்தால் பத்து இருபது பைசா ஏற்றிக் கொடுப்பார்கள், கேட்டால்தான்.

இன்னும் சில்லறையாகக் குறைந்தால் அது டிடிஎஸ்ஸாக இருக்கலாம். ஆன்லைன் சந்தைத் தளம் விற்பவரிடம் பிடிக்க வேண்டிய டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ்ஸைத் திறந்தால் அந்தத் தொகை உங்கள் பெயரில் நிற்கும், ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே இல்லாத பிடித்தம் என்றால் தளத்திடம் கேளுங்கள்.

## அறிகுறி: வங்கி "எங்களிடம் சான்று இல்லை" என்கிறது

வெளிநாட்டுப் பணம் முறையாக வந்தது என்பதற்கான சான்றைப் பழக்கத்தில் எஃப்ஐஆர்சி என்கிறோம். அச்சடித்த அந்தச் சான்றைச் சேவை வருமானத்துக்கு வங்கிகள் 2016லிருந்து தருவதில்லை. இப்போது தருவது எஃப்ஐஆர்ஏ எனும் வரவு அறிவிப்பு. ஆடிட்டர் எஃப்ஐஆர்சி கேட்டாலும் அவருக்கு வேண்டியது இதுதான்.

பாஸ்புக் வரி உள்ளூர் வழி என்றால் உங்கள் கிளையில் எத்தனை மணி நேரம் நின்றாலும் கிடைக்காது. அவர்கள் கையில் டாலரே வரவில்லை, மும்பையிலிருந்தோ எங்கிருந்தோ ரூபாயில் ஒரு நெஃப்ட் வந்தது, அவ்வளவுதான். டாலரை வாங்கியது பதினாறு எழுத்து எண்ணின் முதல் நான்கு எழுத்துக்குரிய வங்கி. சான்று அவர்களிடமிருந்து பணப் பட்டுவாடா நிறுவனம் வழியாகத்தான் வரும். நிறுவனத்தின் தளத்தில் பரிவர்த்தனை விவரத்துக்குள் பாருங்கள். சிலர் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தருவார்கள், சிலர் மாதத்துக்கு ஒன்று. இல்லையென்றால் தேதி, தொகை, நெஃப்ட் எண் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். அந்தந்த மாதமே வாங்கிவிடுவது நல்லது, மூன்று ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது அந்த நிறுவனம் கூட்டாளி வங்கியை மாற்றியிருக்கலாம்.

வயர் என்றால் உங்கள் வங்கியேதான் தர வேண்டும். கிளை "எங்களால் முடியாது" என்றால், "மையப் பிரிவுக்கு என் கோரிக்கையை அனுப்புங்கள்" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

சான்று கைக்கு வந்ததும் நான்கு இடம் பாருங்கள்: உங்கள் பெயர், டாலர் தொகை, தேதி, பணம் எதற்காக வந்தது என்று காட்டும் நோக்கக் குறியீடு. அனுப்பியவர் பெயரில் உங்கள் வாடிக்கையாளர் இருக்கமாட்டார், தளமோ பட்டுவாடா நிறுவனமோதான் இருக்கும். தப்பில்லை. ஆனால் இன்வாய்ஸில் வாடிக்கையாளர் பெயர், சான்றில் வேறு பெயர் என்ற இடைவெளியை நிரப்ப, தளத்தின் பரிவர்த்தனை அறிக்கையும் ஒப்பந்த எண்ணும் அதே ஃபைலில் இருக்க வேண்டும். இன்வாய்ஸ் 600, சான்று 528.21, நடுவில் உள்ள 71.79க்கு விளக்கம் அந்த அறிக்கை. வருமானமாக எழுத வேண்டியது 600, பிடித்தம் செலவு. 528ஐ வருமானம் என்று எழுதிவிட்டுப் பின்னால் திருத்துபவர்கள் நிறைய.

## அறிகுறி: நோக்கக் குறியீடு தப்பாக விழுந்திருக்கிறது

இது இரண்டு விதமாக விழும், இரண்டுக்கும் ஊர்தான் காரணம்.

கிராமத்துக் கிளையில் டாலர் வந்தால், வெளிநாட்டில் உள்ள மகன் அனுப்பியது என்று எடுத்துக்கொண்டு `P1301` போட்டுவிடுவார்கள். அது குடும்பப் பராமரிப்புக்கான குறியீடு. திருப்பூர்க் கிளை என்றால் அங்கே வரும் டாலரெல்லாம் பனியன் பணம். உங்களுடையதையும் ஏற்றுமதி முன்பணம் என்று `P0103` போட்டு, "ஷிப்பிங் பில் எங்கே, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐஇசி எங்கே" என்று கேட்பார்கள். வலைத்தளம் கட்டித் தருபவர் எந்தக் கன்டெய்னரை அனுப்புவார்?

இரண்டில் இரண்டாவதுதான் விஷம். முன்பணம் என்று பதிந்தால் அது ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்பில் தீராத பாக்கியாக நிற்கும். மாதங்கள் கழித்து, சரக்கு போனதற்கு ஆதாரம் எங்கே என்று வங்கி கேட்கும். முதலாவது சத்தமில்லாமல் கிடக்கும். ஆனால் ஜிஎஸ்டி அதிகாரி சேவை ஏற்றுமதிக்கு ஆதாரம் கேட்கும் நாளில் உங்கள் சான்று, இது குடும்பச் செலவுப் பணம் என்று உங்களுக்கு எதிராகவே பேசும்.

மென்பொருள் ஆலோசனை, செயலாக்கம் என்றால் `P0802`. விளம்பரம் சார்ந்த வேலைக்கு `P1007`. மேலாண்மை ஆலோசனை, மக்கள் தொடர்பு என்றால் `P1006`. இவற்றில் அடங்காத வேலைக்கு வங்கியிடமே பட்டியலைக் கேட்டுப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள்.

செலவில்லாத தீர்வு: பணம் வருவதற்கு முன்பே கிளையிலும் மையப் பிரிவிலும் ஒரு நிரந்தர அறிவுறுத்தல் கடிதம் கொடுத்து வையுங்கள். இந்தக் கணக்குக்கு வரும் டாலர் எல்லாம் சேவை ஏற்றுமதி வருமானம், குறியீடு இது, சரக்கு ஏதும் இல்லை என்று மூன்று வரி போதும். பட்டுவாடா நிறுவனத்தின் தளத்திலும் இதே குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே தப்பாக விழுந்துவிட்டால்: திருத்தக் கோரும் கடிதத்தோடு ஒப்பந்தம், இன்வாய்ஸ், தள அறிக்கை நகல்களை இணையுங்கள். கடிதத்தில் பணம் வந்த தேதி, வங்கிக் குறிப்பு எண், டாலர் தொகை, இப்போதுள்ள குறியீடு, வேண்டிய குறியீடு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ஐஇசி கேட்டால், வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் சலுகை எதையும் கோராத சேவை ஏற்றுமதியாளருக்கு அது கட்டாயமில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். அப்படியும் கிளை நகரவில்லை என்றால் ஆடிட்டர் கடிதம் ஒன்று நகர்த்தும். `P0103` பதிவு ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் நீங்களாக முயல வேண்டாம், நேரே ஆடிட்டரிடம் போங்கள். மென்பொருளையே உருவாக்கி அனுப்புபவர்கள், மென்பொருள் ஏற்றுமதியை அறிவிக்கும் சாஃப்டெக்ஸ் படிவம் தங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அதே நடையில் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஜிஎஸ்டி எண் வாங்கியதும் 18 சதவீதம் கட்டச் சொல்கிறது

முதலில், எண் உங்களுக்குத் தேவையா? தமிழ்நாட்டில் சேவைக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். ஏற்றுமதி வருமானமும் அந்தக் கணக்கில் சேரும். அதற்குக் கீழே இருப்பவர் வெளிநாட்டு வாடிக்கையாளர் என்ற ஒரே காரணத்துக்காக எண் வாங்க வேண்டியதில்லை. தளம் கட்டணத்துக்குப் பிடிக்கும் 18 சதவீதத்தைத் தவிர்க்க எண் வாங்குபவர்கள் உண்டு. எண் கொடுத்ததும் தளம் பிடிப்பதை நிறுத்தும், ஆனால் ரிவர்ஸ் சார்ஜில் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டும். மாதம் பத்து டாலர் மிச்சம் பிடிக்கப்போய் மாதாமாதம் ரிட்டர்ன் போட ஆள் வைப்பது கட்டாது.

எண் வாங்கியாயிற்று என்றால், 18 சதவீதம் கேட்பதற்கு அனேகமாக எல்யூடி இல்லாததே காரணம். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறேன் என்ற உறுதிமொழி அது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும், போன வருடத்தது மார்ச் 31உடன் முடிந்துவிடும். ஜிஎஸ்டி தளத்தில்:

```
Services > User Services > Furnish Letter of Undertaking (LUT)
```

நிதியாண்டைத் தேர்ந்தெடுத்து, இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி, தொழில் கொடுத்து, கையெழுத்திட வேண்டும். கட்டணம் கிடையாது. ஒப்புகையாக வரும் ஏஆர்என் எண்ணைச் சேமித்து வையுங்கள். ஏப்ரல் முதல் இன்வாய்ஸுக்கு முன் முடித்துவிட்டால் தொல்லை இல்லை. இன்வாய்ஸில் இந்த வரி இருக்க வேண்டும்:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER BOND OR LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

ஜிஎஸ்டிஆர்-1இல் 6A அட்டவணையில், வரி கட்டாத ஏற்றுமதி என்ற வகையில் பதியுங்கள். ஷிப்பிங் பில் கட்டம் சேவைக்குக் காலியாகவே இருக்கலாம். உள்ளூர் விற்பனை அட்டவணையில் போட்டுவிட்டாலும் ஜிஎஸ்டி தளம் வரி கேட்கும், அடுத்த மாத ரிட்டர்னில் திருத்திக்கொள்ளலாம்.

எல்யூடி இருந்தும் வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தால், இன்வாய்ஸ் தேதியிலிருந்து குறிப்பிட்ட காலம்தான் அவகாசம். அதற்குள் டாலர் வராவிட்டால் வரியும் வட்டியும் உங்கள் தலையில் விழும். பத்தாவது மாதம் வரை வராத இன்வாய்ஸ் ஏதும் கையில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பாருங்கள். எல்யூடி கொடுக்க மறந்த மாதங்களுக்கான இன்வாய்ஸ்கள் இருந்தால் அவற்றையும் அன்றே கொண்டுபோங்கள், தாமதத்தை ஏற்கக் கோரும் கடிதத்தை அதிகாரிக்கு எழுதத் தெரிந்தவர் அவர்தான்.